புகைப்படத்தில் இணைகோடுகள்: பெயர் சரியாக இருந்தும் கோணம் ஏன் சமமாக வருவதில்லை?

"தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன். ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு, இணைகோடுகளும் குறுக்குவெட்டியும் உள்ள ஒரு பொருளைப் படமெடுத்து கோண ஜோடிகளைக் குறித்து வரச் சொன்னார்கள். பக்கத்து ஐஸ் கம்பெனியின் இரும்புக் கேட்டைப் போனில் எடுத்து பிரிண்ட் போட்டோம். ஒன்றுவிட்ட உட்கோணங்கள் சமம் என்று புத்தகத்தில் இருக்கிறது, பாகைமானி வைத்தால் மேலே 44°, கீழே 28° வருகிறது. ஆனால் என் வீட்டுக்காரர் டேப் வைத்துப் பார்த்துவிட்டார். இரண்டு பைப்புக்கும் நடுவே இந்த முனையிலும் 3 அடி, அந்த முனையிலும் 3 அடி. சாய்வு பைப் 5 அடி. அடுத்த கதவில் இருந்த அதே மாதிரி கோணத்தையும் இதையும் ஒத்த கோணங்கள் என்று குறித்திருந்தாள், அதை ஆசிரியர் அடித்துவிட்டார். பெயர் வைத்ததில் தப்பா, அளந்ததில் தப்பா?"

பெயர் வைத்ததில் ஒரு தப்பு இருக்கிறது. அளந்ததில் தப்பே இல்லை. 44°, 28° என்று உங்கள் மகள் எழுதியது அந்தக் காகிதத்தில் உள்ளபடி சரியான அளவுதான், அழிக்க வேண்டாம். கோளாறு படத்தை எடுத்தபோது போன் இருந்த இடத்தில் இருக்கிறது.

இதில் இரண்டு சங்கதிகள் கலந்து கிடக்கின்றன. ஒரு ஜோடிக்கு ஒத்த கோணங்கள், ஒன்றுவிட்ட கோணங்கள் என்று பெயர் வருவது அவை உட்கார்ந்திருக்கும் இடத்தை வைத்து. கோடுகள் இணையாக இல்லாவிட்டாலும் அந்தப் பெயர் மாறாது. சமமா இல்லையா என்பது மட்டும்தான் கோடுகள் இணையா இல்லையா என்பதைப் பொறுத்தது. வகுப்பில் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவதால், "சமமாக இருந்தால்தான் ஒன்றுவிட்ட கோணம்" என்று பிள்ளைகள் மனதில் பதிந்துவிடுகிறது. போட்டோவில் இடம் அப்படியே இருக்கும், இணை போய்விடும். அதனால் போட்டோவில் பெயரை நம்பலாம், அளவை நம்ப முடியாது.

முதலில் பெயர். நீங்கள் போட்ட படத்தில் இடது கதவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கிடையாக இரண்டு பைப்புகள். கீழ் பைப்பில் கீல் பக்கத்திலிருந்து ஓர் அடி தள்ளித் தொடங்கி, மேல் பைப்பின் வலது முனைக்கு ஓர் அடி முன்னால் போய் முட்டும் சாய்வு பைப் ஒன்று. கிடைப் பைப்புகள்தான் இரண்டு கோடுகள், சாய்வு பைப் குறுக்குவெட்டி. ஒரு குறுக்குவெட்டி இரண்டு கோடுகளை வெட்டினால் மேலே நான்கு, கீழே நான்கு என எட்டுக் கோணங்கள் வர வேண்டும். ஆனால் கேட்டில் நான்குதான் தெரிகின்றன, ஏனென்றால் சாய்வு பைப் இரண்டு முட்டிலும் வெல்டிங்கோடு நின்றுவிடுகிறது, தாண்டிப் போகவில்லை. தெரியும் நான்கும் உட்கோணங்கள், அதாவது இரண்டு கிடைப் பைப்புகளுக்கும் நடுவே இருப்பவை. வெளிக்கோணங்கள் வேண்டுமென்றால் பிரிண்டின் மேல் ஸ்கேல் வைத்து, சாய்வுக் கோட்டை மேலேயும் கீழேயும் பென்சிலால் நீட்ட வேண்டும். பலரும் இதைச் செய்யாமல், படத்தில் இல்லாத ஒத்த கோணத்தைத் தேடி வேறெங்கோ போய்விடுகிறார்கள். உங்கள் மகளும் அடுத்த கதவுக்குப் போனது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

நீட்டிய பிறகு மேல் முட்டில் ஒன்று, கீழ் முட்டில் ஒன்று என எந்த இரண்டு கோணங்களை எடுத்தாலும் இரண்டே கேள்விகள் போதும். குறுக்குவெட்டிக்கு இரண்டும் ஒரே பக்கமா, எதிரெதிர்ப் பக்கமா? இரண்டும் உள்ளேயா, வெளியேயா, ஒன்று உள்ளே ஒன்று வெளியேயா? கீழ் முட்டில், சாய்வு பைப்புக்கு வலப்பக்கம், கீழ் பைப்புக்கு மேலே இருக்கும் கூரான கோணத்தைப் பிடித்துக்கொள்வோம். பாகைமானியில் 28° காட்டியது இதுதான். மேல் முட்டில், சாய்வு பைப்புக்கு இடப்பக்கம், மேல் பைப்புக்குக் கீழே இருப்பது 44° காட்டிய கோணம். இரண்டும் உள்ளே, எதிரெதிர்ப் பக்கம். ஆகவே ஒன்றுவிட்ட உட்கோணங்கள். இதை உங்கள் மகள் சரியாகத்தான் எழுதியிருக்கிறாள்.

அதே 28° கோணத்துக்கு, மேல் முட்டில் வலப்பக்கம் உள்ளே இருக்கும் அகலமான கோணம் ஒரே பக்க உட்கோணம். புத்தகத்தில் 'குறுக்குவெட்டியின் ஒரே பக்கத்தில் அமைந்த உட்கோணங்கள்' என்று நீளமாக இருக்கும், அதேதான். படத்தில் அது 136°, ஏனென்றால் 44° கோணத்தோடு சேர்ந்து நேர்கோட்டில் 180° ஆக வேண்டும். 28° கோணத்தின் ஒத்த கோணம் எது என்றால், மேல் பைப்புக்கு மேலே, பென்சிலால் நீட்டிய கோட்டுக்கு வலப்பக்கம் இருப்பது. ஒரே பக்கம், ஒன்று உள்ளே, ஒன்று வெளியே. அது 44° கோணத்துக்குக் குத்தெதிராக இருப்பதால் அதுவும் படத்தில் 44° காட்டும்.

இசட் எழுத்து, எஃப் எழுத்து என்று வடிவம் வைத்துச் சொல்லிக்கொடுப்பது உண்டு. படம் நேராக இருக்கும்வரை அது ஓடும். கேட் மாதிரி ஒரு பொருளை எடுத்து, கோடு எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தால் இசட் திரும்பிக்கொள்ளும், குழந்தைக்கு அடையாளம் தெரியாது. இந்த விஷயத்தில் எனக்கு எழுத்து வடிவத்தின் மேல் நம்பிக்கை கொஞ்சம் குறைவுதான். மேலே சொன்ன இரண்டு கேள்விகளுக்குப் படம் எப்படித் திரும்பியிருந்தாலும் கவலை இல்லை.

இனி ஆசிரியர் அடித்த ஜோடி. உங்கள் கேட் இரட்டைக் கதவு. இடது கதவின் சாய்வு பைப் கீழ்க் கீலிலிருந்து நடுவை நோக்கி ஏறுகிறது. வலது கதவில் அதே மாதிரி அந்தப் பக்கத்துக் கீலிலிருந்து நடுவை நோக்கி ஏறுகிறது. கதவு தொங்கிவிடாமல் இருக்க அப்படித்தான் வைப்பார்கள். இரண்டு கதவையும் சாத்தினால் மேல் பைப்புகள் ஒரே கோட்டில் வரும், கீழ் பைப்புகளும் ஒரே கோட்டில் வரும், அவற்றின் மேல் இரண்டு தனித்தனிச் சாய்வுகள் இருக்கும். இடது கதவின் கீழ் முட்டில் ஒரு கூர்ங்கோணமும் வலது கதவின் கீழ் முட்டில் ஒரு கூர்ங்கோணமும் எடுத்து ஜோடி என்று எழுதியிருக்கிறாள். நேரில் இரண்டும் சமம் என்பது உண்மை. ஆனால் ஜோடி இல்லை.

காரணம், ஜோடியில் உள்ள இரண்டு கோணங்களின் ஒரு கை ஒரே சாய்வுக் கோட்டின் மேல் இருக்க வேண்டும், அந்தக் கோடுதான் குறுக்குவெட்டி. அவள் குறித்த முதல் கோணத்தின் ஒரு கை இடது சாய்வு, இரண்டாவது கோணத்தின் கை வலது சாய்வு. இரண்டும் வேறு வேறு பைப். இரண்டும் சமமாக வந்தது, வெல்டிங் போட்டவர் ஒரு கதவைப் பார்த்து மறு கதவைக் கண்ணாடிப் பிம்பம் போலச் செய்ததால். அவர் வலது சாய்வை இன்னும் கொஞ்சம் நிமிர்த்தி வைத்திருந்தால், கிடைப் பைப்புகள் இணையாகவே இருக்க, இந்த இரண்டு கோணங்களும் சமமாக இருந்திருக்காது. இணைகோடு விதிக்கும் அந்தச் சமத்துக்கும் சம்பந்தமே இல்லை என்பதற்கு இதுவே போதும். குழந்தையிடம் ஒரு வேலை சொல்லுங்கள்: ஜோடி என்று சொல்லும் இரண்டு கோணங்களின் ஓரங்களையும் ஸ்கெட்ச் பேனாவால் இழுக்கட்டும். இரண்டு முறை மை விழுந்த சாய்வுக் கோடு எதுவும் இல்லையென்றால், அது ஜோடி இல்லை. ஆசிரியர் அடித்தது சரி.

அப்புறம் 44°, 28° கதை. உங்கள் வீட்டுக்காரர் டேப் பிடித்தது நல்ல வேலை, இல்லாவிட்டால் கேட்டே கோணலோ என்று சந்தேகம் நின்றிருக்கும். இரண்டு முனையிலும் இடைவெளி 3 அடி என்றால் பைப்புகள் இணைதான், டேப்பைப் பைப்புக்குச் செங்குத்தாகப் பிடித்து அளந்திருந்தால் போதும். சாய்வு பைப் 5 அடி, ஏறிய உயரம் 3 அடி. அப்படியானால் அது கிடையாகக் கடந்த தூரம் 4 அடி, ஏனென்றால் மூன்றின் வர்க்கமும் நான்கின் வர்க்கமும் சேர்ந்தால் ஐந்தின் வர்க்கம். கொத்தனார்கள் மூலை மட்டம் பார்க்கப் பயன்படுத்தும் அதே 3, 4, 5 முக்கோணம். அதில் 3 அடிப் பக்கத்துக்கு எதிரே இருக்கும் கோணம் ஏறக்குறைய 37°. ஆகவே நேரில், கேட்டின் மேலேயே பாகைமானி வைத்தால், கீழ் முட்டிலும் 37°, மேல் முட்டிலும் 37° காட்டும். ஒரே பக்க உட்கோணங்கள் 37°, 143°, கூட்டினால் 180°. புத்தகம் பொய் சொல்லவில்லை.

இப்போது பிரிண்டைப் பாருங்கள். கதவு காகிதத்தில் 10 செ.மீ. அகலம். இடது முனையில் இரண்டு பைப்புக்கும் நடுவே 7 செ.மீ., வலது முனையில் 4 செ.மீ. இரண்டுமே நேரில் 3 அடிதான். மேல் பைப் படத்தில் மட்டமாக இருக்கிறது, கீழ் பைப் வலது பக்கம் போகப் போக ஏறுகிறது, 10 செ.மீ. போவதற்குள் 3 செ.மீ. ஏறிவிட்டது. இதை வைத்தே போன் எங்கே இருந்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம். மேல் பைப் மட்டமாக விழுந்திருப்பதால் போன் அதே உயரத்தில் இருந்திருக்கிறது. இடது பக்கம் பெரிதாக இருப்பதால் இடது தூண் அருகே நின்று, வலது பக்கமாகத் திருப்பி எடுத்திருக்கிறீர்கள். இடது ஓரத்துக்கு நேரே சுமார் ஆறடி தள்ளி நின்று, கதவின் முக்கால் தூரத்தை நோக்கிப் பிடித்தால் கணக்குப்படி இதே 44°, 28° வருகிறது. போட்டோவில் பக்கத்தில் இருப்பது பெரிதாகவும் தள்ளி இருப்பது சிறிதாகவும் விழும், அதனால் ஒரே 3 அடி ஒரு பக்கம் 7 ஆகவும் மறுபக்கம் 4 ஆகவும் ஆகிவிட்டது. பாம்பன் பக்கம் ரயில் பாதையைப் பார்த்து எடுத்த படங்களில் எல்லாம் இதே கதைதான். அகலப்பாதையில் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே 1,676 மில்லிமீட்டர், மண்டபத்திலும் அதே, ராமேஸ்வரத்திலும் அதே. படத்தில் மட்டும் தூரத்தில் ஒன்றாகப் போய்ச் சேரும்.

ஆக, காகிதத்தில் உள்ள இரண்டு கோடுகளும் உண்மையிலேயே இணை இல்லை. அந்தக் காகிதத்தைப் பொறுத்தவரை உங்கள் மகள் அளந்தது, இணையில்லாத இரண்டு கோடுகளின் ஒன்றுவிட்ட உட்கோணங்களை. அவை சமமாக வந்திருந்தால்தான் ஆச்சரியம். இதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. 44-லிருந்து 28-ஐக் கழித்தால் 16. ஸ்கேல் வைத்து இரண்டு கிடைக் கோடுகளையும் வலது பக்கம் நீட்டிக்கொண்டே போங்கள், காகிதம் போதாது, பக்கத்தில் இன்னொரு தாளை ஒட்டிக்கொள்ள வேண்டும். கதவின் இடது முனையிலிருந்து சுமார் 23 செ.மீ. தள்ளி இரண்டும் சந்திக்கும். அந்தச் சந்திப்பில் பாகைமானி வைத்தால் 16° அல்லது 17° காட்டும். கீழ் முட்டு, மேல் முட்டு, சந்திப்பு மூன்றையும் சேர்த்து ஒரு முக்கோணம். அதன் கோணங்கள் 28°, 136°, 16°, மொத்தம் 180°. ஒன்றுவிட்ட கோணங்களுக்கு இடையிலான வித்தியாசம் எங்கேயும் காணாமல் போகவில்லை, கோடுகள் சந்திக்கும் கோணமாக அங்கே போய் உட்கார்ந்திருக்கிறது. கோடுகள் இணையை நெருங்க நெருங்க அந்தச் சந்திப்பு தூரப் போகும், அந்த 16° சுருங்கும். முழு இணையில் சந்திப்பும் இல்லை, வித்தியாசமும் இல்லை.

ஒரே பக்க உட்கோணங்களை வைத்தும் இதையே பார்க்கலாம். படத்தில் வலப்பக்கத்து உட்கோணங்கள் 28, 136, கூட்டினால் 164. 180-க்குக் குறைவு. இடப்பக்கத்து உட்கோணங்கள் 44, 152, கூட்டினால் 196. எந்தப் பக்கம் 180-க்குக் குறைகிறதோ அந்தப் பக்கம் கோடுகள் சந்திக்கும் என்பது யூக்ளிட் எழுதிய ஐந்தாவது எடுகோள். அதை மற்ற எடுகோள்களிலிருந்து நிரூபித்துவிட முடியுமா என்று இரண்டாயிரம் ஆண்டுகள் முட்டி மோதியிருக்கிறார்கள், முடியவில்லை. உங்கள் கேட் படத்தில் கோடுகள் வலப்பக்கம் சந்திப்பதும், அந்தப் பக்கம்தான் கூட்டல் 164 ஆக இருப்பதும் ஒத்துப்போவதைக் குழந்தைக்குக் காட்டுங்கள்.

இனி படத்தை எப்படி எடுப்பது. கேட்டின் நடுவுக்கு நேர் எதிரே, கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். போன் இரண்டு பைப்புகளுக்கும் நடு உயரத்தில், அதாவது உட்கார்ந்த நிலையில் கையில் பிடிக்கும் உயரத்தில் இருக்கட்டும். போனை முன்னே பின்னே சாய்க்காமல், கேட்டுக்குச் சமாந்தரமாகப் பிடியுங்கள். கேமராவில் கட்டம் காட்டும் வசதி இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். மேல் பைப்பும் கீழ் பைப்பும் கட்டத்தின் கோடுகளோடு ஒத்துப்போனால் நீங்கள் நேரே நிற்கிறீர்கள். அப்போது இரண்டு முட்டிலும் 37° வரும்.

நேரே நிற்க இடமில்லை, தெருவில் வண்டி நிற்கிறது என்றால் வேறு வழி உண்டு. அதே சாய்வான பக்கத்திலிருந்தே, நூறு அடி தூரம் போய் ஜூம் போட்டு எடுங்கள். அப்படி எடுத்தால் கேட்டின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் உள்ள தூர வித்தியாசம் மொத்தத் தூரத்தில் ஒன்றுமே இல்லாமல் போய்விடும், அதனால் கிடைப் பைப்புகள் படத்தில் கிட்டத்தட்ட இணையாகவே விழும். ஆனால் அகலம் சுருங்கியிருக்கும், 4 அடி நீளம் 3.2 அடி போலத் தெரியும், உயரம் சுருங்காது. அதனால் சாய்வு நிமிர்ந்தது போல ஆகி, இரண்டு முட்டிலும் 37°க்குப் பதில் சுமார் 43° வரும். இரண்டுக்கும் நடுவே ஒரு பாகை அளவுக்கு வித்தியாசம் இருந்தாலும் இருக்கலாம். கவனியுங்கள், இது நேரில் உள்ள கோணம் இல்லை. ஆனாலும் ஒன்றுவிட்ட கோணங்கள் சமம், ஒரே பக்க உட்கோணங்கள் கூட்டினால் 180°. விதிக்கு வேண்டியது படத்தில் கோடுகள் இணையாக இருப்பது மட்டும்தான், கோணம் உண்மையான கோணமாக இருக்க வேண்டும் என்று அது கேட்பதில்லை. பக்கத்திலிருந்து சாய்வாக எடுத்தது, தூரத்திலிருந்து சாய்வாக எடுத்தது, நேரே நின்று எடுத்தது என மூன்று படங்களையும் வரிசையாக ஒட்டி, அடியில் 44/28, 43/43, 37/37 என்று எழுதினால், வீட்டுப்பாடத்துக்குக் கேட்டதை விட அதிகமாகவே இருக்கும்.

அளக்கும்போது சறுக்கும் இடங்கள் இரண்டு. போனில் 0.6 என்று காட்டும் அகல லென்ஸைப் போடாதீர்கள், அதில் ஓரத்தில் விழும் நேர்கோடுகள் வளையக்கூடும், வளைந்த கோட்டில் பாகைமானி வைத்து என்ன பயன். இன்னொன்று பைப்பின் தடிமன். ஒன்றரை அங்குல பைப் பிரிண்டில் பென்சில் கோட்டை விடத் தடிமனாக விழும். ஒரு முட்டில் பைப்பின் மேல் விளிம்பில் கோடு இழுத்து, அடுத்த முட்டில் கீழ் விளிம்பில் இழுத்தால் குழப்பம்தான். ஒவ்வொரு பைப்புக்கும் நடுவே ஒரே ஒரு கோடு, முழு நீளத்துக்கும் இழுத்துவிட்டுப் பிறகு அளக்கட்டும். அப்படியும் சிறிய பாகைமானியில் ஒன்று இரண்டு பாகை முன்னே பின்னே வரும், 37-க்கு 36, 38 என்று வந்தால் கவலைப்பட வேண்டாம். 16 பாகை வித்தியாசம் அந்த வகை இல்லை.

தரையில் கிடக்கும் பொருளைத் தேர்ந்தெடுக்காமல் விட்டது நல்லது. உப்பளப் பாத்திகளின் வரப்புகள், தனுஷ்கோடி சாலையின் இரண்டு ஓரங்கள், தண்டவாளம் எல்லாம் கண்ணுக்கு இணைதான், ஆனால் அவற்றுக்கு 'நேர் எதிரே' நிற்க வேண்டுமென்றால் தலைக்கு மேலே ஆகாயத்தில் நிற்க வேண்டும். தண்டவாளத்தில் இறங்கிப் படமெடுப்பது எந்த வீட்டுப்பாடத்துக்கும் வேண்டாத வேலை. இந்த மாதிரிப் பொருள்தான் வேண்டும் என்று பிள்ளை அடம்பிடித்தால், போனில் வரைபடத்தைத் திறந்து செயற்கைக்கோள் காட்சியைப் போட்டு, வாலிநோக்கம் பக்கம் உப்பளங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஏறக்குறைய மேலிருந்து எடுத்த படம் என்பதால் இணையான வரப்புகள் இணையாகவே தெரியும். அவற்றைச் சாய்வாக வெட்டிப் போகும் வாய்க்காலோ வண்டிப்பாதையோ கிடைத்தால் அதுவே குறுக்குவெட்டி. அங்கே எட்டுக் கோணங்களும் நீட்டாமலே தெரியும், ஏனென்றால் பாதை இரண்டு வரப்பையும் தாண்டிப் போகும். செங்குத்தாக வெட்டும் வாய்க்காலைத் தவிர்த்துவிடுங்கள், எட்டும் 90° ஆகிவிட்டால் எது எதற்கு ஒத்தது என்று பார்ப்பதில் பிள்ளைக்குப் பயிற்சியே இருக்காது.

ஒரு எச்சரிக்கை. படத்தை மட்டும் வைத்து, கேட்டின் பைப்புகள் உண்மையில் இணை என்று யாராலும் நிரூபிக்க முடியாது. உங்கள் படத்தில் இணை இணையில்லாததாகத் தெரிந்தது போல, கோணலான பைப்புகள் சரியான இடத்திலிருந்து பார்த்தால் இணையாகத் தெரியவும் செய்யும். ஒன்றுவிட்ட கோணங்கள் சமம் என்றால் கோடுகள் இணை என்ற மறுதலை விதி காகிதத்தில் உள்ள கோடுகளுக்குத்தான் சாட்சி, கேட்டுக்கு இல்லை. கேட்டுக்குச் சாட்சி உங்கள் வீட்டுக்காரர் பிடித்த டேப்தான். ஆகவே நோட்டில் இப்படி எழுதச் சொல்லுங்கள்: "பைப்புகளுக்கு இடையே இரு முனையிலும் 3 அடி, ஆகவே இணை. ஒன்றுவிட்ட உட்கோணங்கள் நேரில் 37°, 37°. படம் பக்கவாட்டிலிருந்து எடுத்ததால் படத்தில் 44°, 28°." அடுத்த கதவின் கோணத்தை அடித்துவிட்டு, சாய்வுக் கோட்டை மேல் பைப்பைத் தாண்டிப் பென்சிலால் நீட்டி, அங்கே வலப்பக்கம் வரும் கோணத்தை ஒத்த கோணமாகக் குறிக்கட்டும்.